மனம் சோர்ந்த நாள்களில் காபி: கூட்டுவதா, குறைப்பதா, மருத்துவரிடம் போவதா?

"காபி குடிப்பவர்களுக்கு மனச்சோர்வு நோய் குறைவாக வருகிறதாம். அப்படியென்றால் எனக்கு மனம் சரியில்லாத இந்த நாள்களில் இன்னும் ஒரு டம்ளர் கூட்டிக்கொள்ளலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். "காபியை நிறுத்தினால்தான் மனம் அமைதியாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள், நிறுத்திவிடட்டுமா?" என்று இன்னொருவர் கேட்கிறார். இருவரும் எதிரெதிர்த் திசையில் போவதுபோலத் தோன்றினாலும், தம் மனநிலைக்கான பொறுப்பு முழுவதையும் ஒரே பானத்தின்மேல் ஏற்றிவிடுவதில் இருவரும் ஒன்றே. இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று, வந்திருப்பது கடந்துபோகும் வாட்டமா, சிகிச்சை வேண்டிய நோயா என்பது, இரண்டு இடத்திலும் கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

ஆகவே இங்கே நான்கு வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்: காபியைக் கூட்டுவது, இருக்கும் அளவிலேயே வைத்து நேரத்தை மட்டும் மாற்றுவது, நிறுத்துவது, சிகிச்சைக்குப் போவது. நான்காவது வழி மற்ற மூன்றுக்கும் மாற்று அன்று என்பதையும், அதை ஏன் தனியாக வைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் போகப்போகச் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், சான்றின் தன்மை. ஏற்கெனவே காபி குடிப்பவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, யாருக்கு நோய் வந்தது என்று எண்ணுவது ஒரு வகை ஆய்வு. நோயுற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது இன்னொரு வகை. முன்னது நோய் வருவதைப் பற்றிப் பேசுகிறது. பின்னது வந்த நோய் தீர்வதைப் பற்றிப் பேசுகிறது. காபியைப் பற்றி நாளிதழ்களில் வரும் நல்ல செய்திகள் பெரும்பாலும் முன்னதைச் சேர்ந்தவை. படிப்பவர் மனத்திலோ அவை பின்னதாக உருமாறிவிடுகின்றன.

இரண்டாவது, பலனின் உண்மையான பருமன். மூன்றாவது, கணக்கில் வராமல் போகும் விலை: தூக்கம், படபடப்பு, மருந்துகளோடு உள்ள உறவு. நான்காவது, காலம். ஒரு வழி பலிக்கிறதா என்று தெரிய எத்தனை நாள் ஆகும், அதுவரை காத்திருப்பதால் ஏதாவது கெடுமா என்பது.

## வழி ஒன்று: காபியைக் கூட்டுதல்

இந்த வழிக்கு ஆதாரமாக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நெடுநாள் ஆய்விலிருந்து ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரை. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால் பிற்பாடு வந்த பல செய்திகள் அதன் நிழல்களே.

தொடக்கத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் இல்லாத 50,739 பெண்கள், சராசரி வயது 63, 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் 2,607 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்தது. மருத்துவர் நோய் என்று சொல்லியிருக்க வேண்டும், அதற்கான மருந்தையும் எடுத்திருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால்தான் கணக்கில் கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு கோப்பையோ அதற்கும் குறைவாகவோ காபி குடித்தவர்களோடு ஒப்பிட்டால், நாளொன்றுக்கு இரண்டு மூன்று கோப்பை குடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 15 விழுக்காடும், நான்கும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு 20 விழுக்காடும் குறைவாக இருந்தது. காஃபின் நீக்கிய காபிக்கு இந்தத் தொடர்பு தென்படவில்லை.

இருபது விழுக்காடு என்றதும் பெரிதாகத் தோன்றும். அதை மனிதர்களாக மாற்றிப் பாருங்கள். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 100 பேரில் 5 பேருக்கு நோய் வந்தது. இருபது விழுக்காடு என்பது ஐந்தில் ஒரு பங்கு; அந்த ஐந்து பேரில் அது ஒருவர். அதாவது, நூறு பெண்கள் பத்தாண்டுகள் நாள்தோறும் நான்கு கோப்பை குடித்து, அந்தத் தொடர்பு முழுவதும் காபியாலேயே விளைந்தது என்றும் வைத்துக்கொண்டால், அவர்களில் ஒருவருக்கு நோய் வராமல் போயிருக்கலாம். இன்று வாடியிருக்கும் ஒருவர் நாளை கூட்டிக் குடிக்கும் டம்ளரைப் பற்றி இந்த எண் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தொடர்பு முழுவதும் காபியாலேயே விளைந்ததா என்பதும் ஐயத்துக்குரியது. மனச்சோர்வு திடீரென ஒரு நாளில் வருவதில்லை. நோய் என்று பெயர் பெறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தூக்கம் கெடும், படபடப்பு கூடும். அப்போதே பலர் தாமாகக் காபியைக் குறைத்துவிடுவார்கள். பின்னாளில் கணக்கெடுத்தால், காபி குறைவாகக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது என்று தெரியும்; நடந்ததோ நேர் எதிர். செவிலியர் ஆய்வை நடத்தியவர்களும் இதை அறிந்தே, காபியைக் கணக்கிட்ட காலத்துக்கும் நோயைக் கணக்கிட்ட காலத்துக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி விட்டார்கள். அது நல்ல தடுப்புதான், ஆனால் முழுத் தடுப்பு அன்று. காபியால்தான் குறைந்தது என்று தங்கள் ஆய்வு நிறுவிவிட்டதாக அவர்களும் சொல்லவில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க இன்னொரு வழி உண்டு. சிலருடைய பிறவி மரபணுக்கள் அவர்களை இயல்பாகவே அதிகம் காபி குடிக்கச் செய்கின்றன. மனம் வாடியதால் அந்த மரபணு மாறிவிடாது; வேலை, வருமானம், பழக்கங்களாலும் மாறாது. ஆகவே காபி உண்மையிலேயே மனச்சோர்வைத் தடுக்குமானால், அந்த மரபணு உடையவர்களுக்கு நோய் குறைவாக வர வேண்டும். 2016இல் வெளிவந்த இத்தகைய ஓர் ஆய்வில் அப்படி எந்தக் குறைவும் காணப்படவில்லை. இதுவும் இறுதித் தீர்ப்பு அன்று. மரபணுக்கள் காபி அளவைச் சிறிதளவே தீர்மானிக்கின்றன. ஆனாலும் கவனிப்பு ஆய்வுகள் காட்டும் தொடர்பைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

"அப்படியானால் காலையில் காபி உள்ளே போனதும் மனம் தெளிகிறதே, அது பொய்யா?" என்று கேட்கலாம். பொய்யில்லை, காரணம்தான் நாம் நினைப்பது அன்று. நாள் முழுவதும் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள் களைப்பை உணரச் செய்கிறது. காஃபின் அது அமரும் இடங்களில் தான் போய் அமர்ந்துகொண்டு அந்தச் செய்தியைத் தடுக்கிறது. தினமும் குடிப்பவரின் உடல் இதற்குப் பழகிவிடுவதால், இரவு முழுவதும் காபி இல்லாமல் எழும்போது பழகிய காஃபின் கிடைக்காமல் உடல் வாடும் நிலையில், அதாவது லேசான விலகல் நிலையில், அவர் இருக்கிறார். முதல் டம்ளர் அந்தக் குறையைத்தான் நிரப்புகிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ராஜர்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட சோதனையில், பழக்கப்பட்டவர்களின் விழிப்புணர்வு காஃபின் எடுத்த பிறகு உயர்ந்தது; ஆனால் காபிப் பழக்கமே இல்லாதவர்களின் நிலைக்கு மேல் போகவில்லை. பள்ளத்திலிருந்து தரைக்கு ஏறுவதும் ஏறுவதுபோலத்தான் இருக்கும்.

கூட்டுவதன் மறைந்த விலையில் முதலிடம் தூக்கத்துக்கு. காஃபின் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கருவுற்ற பெண்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதைவிட அதிகம். படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களிடம்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தூக்கம் குறைந்தால் மறுநாள் மனம் வாடும், வாடினால் இன்னொரு காபி தேவைப்படும். சுற்று இப்படித்தான் இறுகுகிறது. பீதி நோய் உள்ளவர்களிடம் நிலைமை இன்னும் மோசம்; ஒரே வேளையில் ஏறத்தாழ 480 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பாதிப் பேருக்குப் பீதித் தாக்குதல் வந்தது. மனச்சோர்வோடு படபடப்பும் சேர்ந்து வருவது வெகு சாதாரணம் என்பதால் இது சிலருக்கு மட்டும் உரிய எச்சரிக்கையாக இருந்துவிடுவதில்லை.

இங்கே ஒரு சிறு கிளைப்பேச்சு. ஆய்வில் சொல்லப்படும் "கோப்பை" நம் வீட்டு டம்ளர் அன்று. செவிலியர் ஆய்வில் ஒரு கோப்பைக் காபிக்கு 137 மில்லிகிராம் காஃபின் என்று கணக்கு வைத்தார்கள். நம் ஃபில்டர் காபியில் டிகாக்ஷன் கொஞ்சம், பால் மிகுதி. பொடியில் சிக்கரி கலந்திருந்தால் அந்தப் பங்கில் காஃபின் கிடையாது. மறுபுறம், கொட்டை ரொபஸ்டாவாக இருந்தால் அரேபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் இருக்கும். ஆகவே "நான்கு கோப்பை நல்லது" என்பதை நான்கு டம்ளராக மொழிபெயர்க்க வழியில்லை. டம்ளருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை போடும் வீட்டில் கூடுதலாக இரண்டு டம்ளர் என்பது கூடுதலாக நான்கு கரண்டிச் சர்க்கரை என்பது மட்டும் உறுதி.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? மனச்சோர்வுக்கு மருந்தாக எண்ணினால் யாருக்கும் பொருந்தாது என்பதே என் கணிப்பு.

## வழி இரண்டு: அளவை வைத்துக்கொண்டு நேரத்தை மாற்றுதல்

காபியைப் பிடிக்கும், தூக்கமும் பெரிதாகக் கெடவில்லை, படபடப்பும் இல்லை என்பவருக்கு இதுவே இயல்பான வழி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை கவலைக்குரியது அன்று என்றது, கருவுற்றிருப்பவர்களுக்கு 200. இவை மேல் எல்லைகள். எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்குகள் அல்ல.

செய்ய வேண்டியது சிறிதே. கடைசிக் காபியை மதியச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், மாலை நேர மனநிலை மூன்றையும் ஒரு தாளில் குறித்து வர வேண்டும். தூக்கம் கூடி மனமும் தெளிந்தால், வாட்டத்தில் ஒரு பங்கு மாலைக் காபியின் கைவரிசை. தூக்கம் சரியாகியும் மனம் அப்படியே இருந்தால், தேட வேண்டிய காரணம் வேறு.

## வழி மூன்று: நிறுத்துதல்

காபியைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, அசதி, எரிச்சல், கவனச் சிதறல் தொடங்கும்; முதல் இரண்டு நாளில் உச்சம் தொட்டு, இரண்டிலிருந்து ஒன்பது நாளுக்குள் அடங்கும். இந்தப் பட்டியலில் மன வாட்டமும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் காஃபின் விலகல் 2013இல் ஒரு நிலையாகவே சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே மனம் சோர்ந்தவர் திங்கட்கிழமை நிறுத்திவிட்டு புதன்கிழமை தன் மனநிலையை அளந்தால், கிடைப்பது பொய்யான விடை. "நிறுத்திப் பார்த்தேன், இன்னும் மோசமானது, காபிதான் என்னைத் தாங்கியிருக்கிறது" என்று சொல்பவர்கள் பலரும் இந்தப் பொறியில் சிக்கியவர்களே.

நிறுத்த விரும்பினால் படிப்படியாகச் செய்ய வேண்டும். நான்கு டம்ளர் குடிப்பவர் மூன்று நான்கு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம், மாலையிலிருந்து தொடங்கிக் குறைத்து வந்தால் இரண்டு வாரத்தில் முடியும். விட்டு மேலும் பத்து நாள் கழிந்த பிறகே மனநிலையைப் பற்றி ஏதேனும் முடிவுக்கு வரலாம். படபடப்பு, நெஞ்சு துடிப்பு, தூக்கமின்மை ஆகியவை முன்நிற்பவர்களுக்கு இந்த வழி நன்கு பொருந்தும்.

இதில் ஓர் ஆபத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுத்துக்கொள்பவரின் சிறுநீரகங்கள், காஃபின் உள்ளபோது லித்தியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகின்றன. அவர் காபியைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியம் உயரும். அந்த மருந்தில் சரியான அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூட்டுவதோ நிறுத்துவதோ எதுவானாலும் அவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். ஃப்ளுவாக்ஸமின் என்ற மனச்சோர்வு மருந்தின் கதை இன்னொரு விதம்: அது காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்குவதால், வழக்கமான இரண்டு டம்ளரே பல டம்ளர் குடித்ததுபோல உடலில் தங்கிவிடும். மாத்திரையால் படபடப்பு வந்துவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்துபவர், உண்மையில் குறைத்திருக்க வேண்டியது காபியை.

## வழி நான்கு: சிகிச்சை

வாட்டம் எப்போது நோயாகிறது என்பதற்கு மருத்துவத்தில் கோடு ஒன்று உண்டு. மனம் வாடியிருப்பது அல்லது எதிலும் விருப்பமற்றுப் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, ஆற்றல், கவனம், தன்மதிப்பு, உடல் அசைவின் வேகம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களும் சேர்ந்து மொத்தம் ஐந்து அறிகுறிகள், பெரும்பாலான நாள்களில், இரண்டு வாரம் தொடர்ந்து, வேலையையோ குடும்ப வாழ்வையோ பாதிக்கும் அளவுக்கு இருந்தால் அது மனச்சோர்வு நோய். தைராய்டு குறைவும் இரத்த சோகையும் இதே முகமூடியோடு வருவதால், மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் அது வீண் செலவு அன்று.

சிகிச்சைக்கு உள்ள சான்று எந்த வகையானது என்று பார்த்தால் காபியோடு உள்ள வேறுபாடு விளங்கும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய சோதனை 2017இல் வெளியானது. மனச்சோர்வு மிகுந்த 495 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வழக்கமான கவனிப்போடு, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களிடம் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச்சுச் சிகிச்சையும் பெற்றார்கள். கைவிட்டுப் போன அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கவைப்பதே அதன் மையம். மூன்றாம் மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து விடுபட்ட நிலையில் இருந்தார்கள். மற்ற பிரிவில் 39 விழுக்காட்டினர். நூற்றுக்கு இருபத்தைந்து பேர், மூன்று மாதத்தில். செவிலியர் கணக்கின் நூற்றுக்கு ஒருவர், பத்தாண்டில், என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறுவேறு கேள்விகளுக்கான விடைகள். அதனால்தான் ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைக்க முடியாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மனச்சோர்வுச் சிகிச்சை வழிகாட்டியில் பேச்சுச் சிகிச்சைகள், குழு உடற்பயிற்சி, மருந்துகள் எல்லாம் இருக்கின்றன. சிகிச்சையாகக் காபி இல்லை.

இந்த வழிக்கும் விலை உண்டு. செர்ட்ரலின், எசிட்டலோப்ராம் போன்ற மருந்துகள் பலன்காட்டத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தூக்க மாற்றம், பாலுணர்வுக் குறைவு வரலாம். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தவும் கூடாது. பேச்சுச் சிகிச்சைக்கு நேரமும் பயணமும் வேண்டும். ஆனால் சாவைப் பற்றிய எண்ணம் வந்துவிட்டால் இந்த விலைகளை எடைபோட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

## ஒரே பார்வையில்

| வழி | சான்று | மறைந்த விலை | விடை தெரியும் காலம் |
|---|---|---|---|
| கூட்டுதல் | நோய் வருவதைப் பற்றிய கவனிப்பு ஆய்வுகள். மரபணு ஆய்வு ஒத்துப்போகவில்லை | தூக்கம், படபடப்பு, சர்க்கரை | தெளிவான விடை வராது |
| நேரத்தை மாற்றுதல் | தூக்கம் பற்றிய சோதனைகள் | மாலைக் காபியின் இழப்பு | இரண்டு வாரம் |
| நிறுத்துதல் | படபடப்பு, தூக்கமின்மைக்குப் பொருத்தம் | விலகல் வாட்டம். லித்தியம் எடுப்போருக்கு ஆபத்து | மூன்று, நான்கு வாரம் |
| சிகிச்சை | நோயாளிகளிடம் நடந்த குலுக்கல் சோதனைகள் | பக்கவிளைவு, நேரம், செலவு | மருந்துக்கு நான்கு முதல் எட்டு வாரம் |

## ஒருவரை வைத்துப் பார்த்தால்

வங்கியில் வேலை செய்யும் 46 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலை ஆறு, பத்து, மாலை நான்கு, ஏழு என நான்கு டம்ளர். இரண்டு மாதமாக இரவு ஒரு மணி வரை தூக்கமில்லை, காலையில் எழ மனமில்லை, கணக்கில் தவறு வருகிறது, விரும்பிச் செய்துவந்த தோட்ட வேலையைக் கைவிட்டுவிட்டார். செய்தியைப் படித்து ஐந்தாவது டம்ளரைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறார்.

முதலில் பார்க்க வேண்டியது காபியையே அன்று. விருப்பமின்மை, தூக்கம், ஆற்றல், கவனம் என்று நான்கு அறிகுறிகள் இரண்டு மாதமாக இருக்கின்றன. பசியையும் தன்மதிப்பையும் பற்றிக் கேட்டால் ஐந்தாவது கிடைக்கக்கூடும். ஆகவே மருத்துவரிடம் நாள் குறிப்பது முதல் வேலை. அந்த நாள் வரும்வரை மாலை ஏழு மணி டம்ளரை விட்டுவிட்டு, நான்கு மணி டம்ளரைச் சில நாள் கழித்துப் பாதியாக்கலாம். காலை இரண்டையும் தொட வேண்டாம். எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தினால் விலகல் வாட்டமும் நோயின் வாட்டமும் கலந்து, மருத்துவர் முன் எதைச் சொல்வதென்றே அவருக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு வாரத்தில் தூக்கம் பதினொன்றரைக்கு வந்து, எழும்போது தெளிவும் தோட்டத்துக்குப் போகும் எண்ணமும் திரும்பினால் மருத்துவர் கவனித்துக் காத்திருக்கச் சொல்லலாம். தூக்கம் சற்றுச் சீரடைந்தும் தோட்டம் பக்கம் கால் போகவில்லையென்றால் சிகிச்சை தொடங்கும். எப்படியானாலும் அவர் கையோடு கொண்டுபோக வேண்டியது, எந்த நேரத்தில் எத்தனை டம்ளர், எப்போது குறைத்தார் என்று எழுதிய தாள். மனநலம் பற்றிய உரையாடலில் நோயாளிகள் காபியைச் சொல்வதில்லை, அவசரத்தில் மருத்துவர்களும் கேட்பதில்லை. படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தனித்தனி மாத்திரை எழுதப்படுவதற்கு முன் அந்தத் தாள் மேசைமேல் இருக்க வேண்டும்.